நீளமே இல்லாத வண்டி

மூட்டை தூக்கிய முதுகு மக்கர் செய்ததால்தான் என்னைக் கிடங்கு அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். நான் என்னவோ அறிவைப் பார்த்துக் கூப்பிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். ஒன்று எழுதாது.

தம்பி இன்னும் கீழே சரிவில்தான் சரக்கு இழுக்கிறான். இரண்டு இரும்புக் கரங்களைச் சரக்குப் பலகைக்கு அடியில் நுழைத்து, பிடியை அடித்தடித்துத் தூக்கி இழுக்கிற கைவண்டி. பழசு, பிரேக் கிடையாது. நடுச் சரிவில் நிற்க வேண்டுமென்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். போன வாரம் கட்டை நழுவி வண்டி அவன் முழங்காலுக்குக் கீழே இடித்தது. கட்டுப் போட்ட காலோடுதான் வேலைக்கு வருகிறான்.

புது வண்டி வாங்கலாம் என்று மேனேஜர் இறங்கி வந்தார். விற்பனைக்காரர் மூன்று மாடல்களைப் பற்றி ஒரே பத்தியாக எழுதி அனுப்பியிருந்தார். மூச்சு விட இடமில்லை. ஒரு வண்டிக்கு டன், இன்னொன்றுக்குக் கிலோ. ஒன்றுக்கு மில்லிமீட்டர், ஒன்றுக்கு அங்குலம், ஒன்றுக்கு சென்டிமீட்டர். நடுநடுவே ‘உறுதியான’, ‘நீடித்து உழைக்கும்’ என்று அலங்காரம். இதை ஒரே பார்வையில் ஒப்பிடுகிற மாதிரி அட்டவணையாகப் போடச் சொன்னார் மேனேஜர்.

போட்டேன். வண்டிகள் மேலே, தன்மைகள் பக்கவாட்டில். எடையெல்லாம் கிலோ, அளவெல்லாம் மில்லிமீட்டர். இரண்டாவது வண்டியின் கரம் கீழே இறங்கும் உயரம் மூன்றேகால் அங்குலம் என்றிருந்ததை 82.6 ஆக்கினேன். மூன்றாவது ஏழரை சென்டிமீட்டர், அதை 75 ஆக்கினேன். அலங்காரத்தை அடித்துத் தள்ளினேன். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று, பத்தியில் தகவல் கிடைக்காத இடத்திலெல்லாம் ‘இல்லை’ என்று அழகாக நிரப்பினேன். கோடு போட்ட கையை நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் விரலை வைத்துப் படித்தார். எங்கள் சரக்குப் பலகைகளுக்கு அடியில் உள்ள இடைவெளி எண்பது மில்லிமீட்டர். முதல் வண்டியின் கரம் 85, அது நுழையாது. இரண்டாவதில் பிரேக் உண்டு, ஆனால் அதுவும் நுழையாது. மூன்றாவது நுழையும், பிரேக் கட்டத்தில் ‘இல்லை’.

“பிரேக் இருக்கறது உள்ள போகாது. உள்ள போறதுல பிரேக் இல்ல. விடுய்யா, அடுத்த வருஷம் பார்ப்போம். நாளைக்கு மேலிடத்துக்கு எழுதிடறேன்.”

அட்டவணை தெளிவாக இருப்பதாகப் பாராட்டவும் செய்தார். தம்பிக்கு வண்டி கிடைக்காது என்ற வருத்தத்தைவிட அந்தப் பாராட்டுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். வீட்டில் காட்டுவதற்கென்று அதற்கும் அந்தப் பத்திக்கும் ஒவ்வொரு பிரதி வேறு எடுத்துக்கொண்டேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“ஏங்க, இந்த ரெண்டு வண்டிக்கும் நீளமே இல்லையா?”

எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வண்டிக்கு மட்டும் மொத்த நீளம் எழுதியிருந்தார் விற்பனைக்காரர். மற்ற இரண்டுக்கும் நான் ‘மொத்த நீளம்: இல்லை’ என்று போட்டிருந்தேன்.

“அவரு சொல்லலை,” என்றேன்.

“சொல்லலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? நீங்ககூடத்தான் என் சமையல் நல்லாயிருக்குன்னு ஒருநாளும் சொன்னதில்லை.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிரேக் கட்டம் கண்ணில் பட்டுவிட்டது. பத்தியை எடுத்து இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது வண்டிக்குப் பிரேக் இல்லை என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. எழுதியவன் நான்.

காலையில் மேனேஜர் வருவதற்கு முன்பே விற்பனைக்காரரைப் போனில் பிடித்தேன். “அந்த மாடல்ல எல்லாத்துக்குமே கால் பிரேக் உண்டுங்க. அதைப் போய் தனியா எழுதணுமான்னு விட்டுட்டேன்,” என்றார். அதை எழுதியே அனுப்பச் சொன்னேன். முதல் வண்டிக்கு நிஜமாகவே பிரேக் கிடையாது என்றும் அதில் எழுதியிருந்தார். அந்த ஒரு கட்டத்தில் நான் ‘இல்லை’ போட்டது சரி, அதுவும் குருட்டாம்போக்கில்.

மேனேஜர் பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிரேக் கட்டத்தில் இருக்கும் ‘இல்லை’ விற்பனைக்காரர் சொன்னது இல்லை, நானாகப் போட்டது, மூன்றாவது வண்டிக்குப் பிரேக் உண்டு என்றேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மத்த இல்லையெல்லாம்?”

“அதுவும் நான்தான் சார்.”

“நீளம் இல்லாத வண்டியை நானும் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கேன். வெளிய சொல்லிடாத,” என்றார்.

திரும்பப் போட்டேன். கேட்டுத் தெரிந்ததை எழுதினேன். தெரியாத கட்டங்களில் ‘குறிப்பிடவில்லை’. பார்க்க அசிங்கமாக, நீளநீளமாக, கோட்டை முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது வண்டிக்கு அன்றைக்கே கையெழுத்தாயிற்று.

வண்டி வந்ததும் தம்பி சரக்கோடு நடுச் சரிவில் நிறுத்தி, காலால் பிரேக்கை அழுத்திவிட்டு இரண்டு கையையும் எடுத்தான். வண்டி அசையவில்லை. கட்டையை ஓரமாகத் தூக்கிப் போட்டான். நான் பேனாக்கள் தெரிய மேலே நின்றிருந்தேன்.

“அண்ணே,” என்று கூப்பிட்டான், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. “அண்ணி சொன்னாங்க. இந்த வண்டிக்கு நீளம் இருக்காண்ணே?”