மீனுக்கு இரண்டாம் ஏலம்

என் கணவர் ஷாஜன் எங்கள் சேனலின் இயக்குநராம். தேங்காய்ப்பட்டணத்து மீன் ஏலத்தை நாற்பது நிமிடம் யூடியூபுக்காக எடுத்தவர், ஓடும் கேமராவை நிறுத்தக்கூட மறந்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து, இன்ஸ்டாவுக்காக அதே மீனை மறுபடி ஏலம் விடச் சொன்னார்.

ஏலக்காரர் எட்சன் கத்தினார்: "ஏலே, ஒனக்காவ மீனு ரெண்டாமதும் சாவணுமா?"

வீட்டில் நான் அந்த நாற்பது நிமிடத்தை ஒரே தடவை பார்த்து, வேண்டிய இடங்களைக் குறித்தேன். விலை ஏறும் மூன்று நிமிடம் ஃபேஸ்புக்குக்கு. நடுவில் நின்ற எட்சனை மட்டும் செங்குத்தாக வெட்டி, பேச்சை எழுத்தாகச் சேர்த்து இன்ஸ்டாவுக்கு.

"இன்ஸ்டாவுல எதட்டி போட்ட? அவன் மறுபடி ஏலம் விடல்லியே!"

"நீங்க ஏச்சு வாங்குனததான். அதயும் ரெண்டாமது எடுக்கணுமா?"