மூடி வைத்த கொட்டகை

ரமணாசிரமம் பக்கத்து லாட்ஜுகளில் ஏசி ரிப்பேர் செய்பவன் நான். குளிர்ச்சியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் உண்டு. பங்குனியில் கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பனி மாதிரி நீர் தூவும் குழாய் மாட்டினேன். குளிர்ச்சி வெளியே போகக் கூடாதென்று நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டினேன். காற்று வர வேண்டுமென்று என் மனைவி மணிமொழி அதைச் சுருட்டிய போதெல்லாம் திட்டி இறக்கிவிட்டேன்.

எங்களிடம் இரண்டு கலப்பினப் பசுக்கள். அதற்குப் பிறகு கறுப்பிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பருவத்துக்கு வருவதை நீ சரியாகப் பார்ப்பதில்லை என்று மணிமொழியைக் கடிந்தேன். பாலும் குறையவே, மலடு என்று போன வாரம் வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று மதியம் செவலை நாக்கை வெளியே தொங்கவிட்டு, எச்சில் கயிறாக வழிய இரைத்தது. பத்து நாளைக்கு முன்தான் அதற்கும் சினை ஊசி போட்டிருந்தோம். பன்னிரண்டு லிட்டர் கறந்தது இரண்டே நாளில் ஏழுக்கு வந்திருந்தது. கால்நடை மருத்துவர் மெஹ்விஷ் வந்ததும் முதல் வேலையாகத் தார்ப்பாயை அவிழ்த்தார். பிறகு விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு நூற்று அறுபதுக்கு மேல். இரைப்புக்குப் போடும் மதிப்பெண்ணில் இது நாலு, ஏறக்குறைய உச்சம், அதற்கு மேல் போனால் மாடு விழுந்துவிடும் என்றார்.

"காத்து ஓடாத எடத்துல தண்ணி தூவினா ஈரம்தான் ஜாஸ்தி ஆகும். வேர்வை காயாது, சூடு உள்ளயே நிக்கும். உடம்பு சூடானா கரு ஆரம்பத்துலயே கலைஞ்சிடும். பருவம் வந்தாலும் வெளிய சரியா காட்டாது. யாருங்க மூடினது?"

நான் அவிழ்ந்து கிடந்த தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தேன். மணிமொழியும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது இன்னும் சுட்டது.

தண்ணீரைத் தோல் நனைய ஊற்றி, மின்விசிறியால் காற்றடித்து, காய்ந்ததும் மறுபடி நனைக்கச் சொன்னார். குடிக்க எப்போதும் தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும் என்றார். செவலைக்குச் சினை நிற்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாதாம்.

ஒரு மணி நேரத்தில் நாக்கு உள்ளே போனது. மூச்சு எண்பதுக்கு இறங்கியது. மருத்துவர் கிளம்பிய பிறகு மணிமொழி ஹோஸைக் கீழே போட்டாள்.

"அப்போ கறுப்பி மலடு இல்லயா?"

"இல்ல. நான்தான் மூடி வச்சிக் கெடுத்தேன்."

"என்னத் திட்டினதக்கூட உடுங்க. அது வண்டியில ஏற மாட்டேன்னு நின்னுது. நீங்க கூப்பிட்டதாலதான் ஏறிச்சி."

கறுப்பியைத் திரும்ப வாங்க நான் வியாபாரிக்குப் போன் செய்தேன். வாங்கிய அன்றைக்கே அடிமாடாகச் சந்தைக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.