லேமினேஷன் போட்ட சீட்டு

ஜென்சிக்கு அன்றைக்குத் தலை போகிற அவசரம். மனநல ஆலோசனைப் படிப்பில் இது பயிற்சிக் காலம். திங்கட்கிழமை வகுப்பில், அம்புக்குறி முறை என்கிற பயிற்சியை ஆளுக்கொரு தடவை செய்து, ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்தோடு ரெக்கார்ட் பண்ணிக் கொண்டுவந்து போட்டுக் காட்ட வேண்டும். கூடப் படிக்கிற நாலு பேரும் முடித்தாகிவிட்டது. இவள் கையில் மட்டும் ஒன்றுமில்லை. அந்தக் கடுப்போடுதான் சேலையூர் கேம்ப் ரோட்டு மாடியில் இருக்கும் ஆலோசனை மையத்தில், ஜெயஸ்ரீக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஜெயஸ்ரீ மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்தாறு வயது. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒருநாள் திடீரென்று பேச்சு வராமல், பத்து நிமிஷம் போர்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஒன்றரை மாதமாக லீவு. வருகிற புதன்கிழமை திரும்பிப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருஷ வேலை. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அனகாபுத்தூரிலிருந்து பஸ் மாறி வருகிறார். இது மூன்றாவது தடவை.

அம்புக்குறி முறை கேட்பதற்கு ரொம்ப சுலபம். மனசில் சட்டென்று ஓடும் ஒரு எண்ணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது சரியா தப்பா என்று வாதாடக் கூடாது. உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் அதே கேள்விதான். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, கீழே ஒரு அம்பு. இப்படியே இறங்கிக்கொண்டு போனால், ஒருத்தர் தன்னைப் பற்றி அடிமனசில் வைத்திருக்கும் நம்பிக்கையில் போய் முட்டும். முட்டியதோடு வேலை முடியாது. இது நம்பிக்கைதான், உண்மை என்று ஆகிவிடாது என்று எடுத்துச் சொல்லி, அதை எத்தனை சதவீதம் நம்புகிறார் என்று கேட்டு, அதற்குப் பொருந்தாத சாட்சிகளை அவரையே தேட வைத்து, ஆளை மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ஏற்ற நேரம் வேண்டும். "அரை மணி நேரம் கையில இல்லேன்னா அம்பைத் தொடாதே" என்று பொறுப்பாளர் கீதா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஜென்சி அதை நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தாள். அடிக்கோடு போட்டுவிட்டால் ஆச்சா?

அரை மணிக்கு மேல் மகளின் காய்ச்சல், தூக்கம், பஸ் கூட்டம் என்று பேச்சு போய்விட்டது. பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஜெயஸ்ரீ தானாகவே சொன்னார், புதன்கிழமை கிளாஸில் மறுபடியும் பேச்சு நின்றுவிடும் என்று. ஜென்சிக்கு நாக்கில் எச்சில் ஊறாத குறைதான். ஜெயஸ்ரீயின் சம்மதத்தோடு ரெக்கார்டிங் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தாளை இழுத்து முதல் வரியை எழுதினாள்.

"நின்னுடுச்சுன்னே வச்சுக்குவோம். அப்படின்னா என்ன ஆகும்?"

பிள்ளைகள் சிரிக்கும். அம்பு. சிரித்தால் என்ன அர்த்தம்? ஒரு கிளாஸை நடத்தக்கூடத் தன்னால் முடியாது என்று அர்த்தம். அம்பு. குரல் மெலிந்துகொண்டே வந்தது. கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. ஜென்சி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் நிறுத்தவில்லை.

"அது உண்மையா இருந்தா, உங்களைப் பத்தி அது என்ன சொல்லுது?"

ஜெயஸ்ரீ தலைப்பைத் திருகுவதை நிறுத்தினார். பிறகு, தொலைத்த பொருள் கையில் கிடைத்த மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நான் எதுக்கும் லாயக்கில்லாதவ."

அப்புறம்தான் அழுகை வந்தது. ஜென்சி அவர் சொன்னபடியே கடைசி வரியை எழுதி, சுற்றி வட்டம் போட்டாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்துக் கூசிப்போனாள், பாவம்.

கதவு தட்டப்பட்டது. அடுத்த ஆள் வந்து காத்திருந்தார். சாகணும் என்கிற மாதிரி எண்ணம் ஏதும் வருகிறதா என்று கேட்கும் அளவுக்காவது ஜென்சிக்குப் புத்தி இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று ஜெயஸ்ரீ தலையாட்டினார். மீதியை அடுத்த வாரம் பேசலாம் என்றாள் இவள். ஜெயஸ்ரீ முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி, வீட்டில் காட்ட ஒரு சீட்டு கேட்டார். மாத்திரையும் கிடையாது, சீட்டும் கிடையாது என்றால் இவங்க என்னதான் வைத்தியம் பார்க்கிறாங்க என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாராம். ஜென்சிக்கு மனசு இளகிப்போச்சு. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்தத் தாளையே கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ரெக்கார்டிங் ஓடியது. கூடப் படிப்பவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். கடைசி வரி வந்து, அழுகை வந்து, நின்றுவிட்டது. மீதியைப் போடச் சொன்னார் கீதா மேடம். அவ்வளவுதான் மேடம் என்றாள் ஜென்சி. தாள் எங்கே என்று கேட்டு, பதில் வந்ததும் அவர் திட்டக்கூட இல்லை. எழுந்து போய் ஆபீசிலிருந்து ஜெயஸ்ரீக்கு ஜென்சியைப் போன் போட வைத்தார். எடுத்தவர் வீட்டுக்காரர் வெற்றிவேல். ஜெயஸ்ரீ தூங்குகிறார், நல்லா இருக்கிறார், இப்போதெல்லாம் அழுவதே இல்லை என்றார். நாளைக்கே வரச் சொன்னதற்கு, எதற்குங்க அவ்வளவு தூரம், வெள்ளிக்கிழமையே வருகிறோம் என்று வைத்துவிட்டார். மறுநாள் மூன்று தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. பயிற்சியில் இருப்பவர்கள் சொந்த போனிலிருந்து பேசக் கூடாது, வீட்டுக்குப் போகவும் கூடாது. புதன்கிழமை காலை பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்கு ஜென்சி பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, போயிருப்பாரா போயிருக்க மாட்டாரா என்று தவித்தாள். தவித்து என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாக வந்தார்கள். வெற்றிவேல் வெளியே உட்கார்ந்துகொண்டார். ஜெயஸ்ரீ தலை நிறையப் பூ வைத்து, முகம் தெளிந்து இருந்தார். செவ்வாய்க்கிழமையே பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டாராம்.

"இத்தனை வருஷமா எனக்கு என்னன்னே தெரியல மேடம். நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சுச் சொன்னீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

ஜென்சி அவசரமாக மறுத்தாள். தான் சொல்லவில்லை, கேட்டது மட்டும்தான் என்றாள். அது ஒரு நம்பிக்கை, சோதித்துப் பார்க்க வேண்டியது, தீர்ப்பு இல்லை என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் எழுதப் படிக்க வைத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டாள். ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புது டீச்சர் நேற்றே வந்து சேர்ந்தாச்சு என்றார். நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க மேடம், அன்னைக்கு எடுத்ததுதானே டெஸ்ட் என்றார்.

அந்தத் தாள் இருக்கிறதா என்று ஜென்சி கேட்டாள். அதிலேயே, அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்திலேயே, விட்டுப்போன மீதியை எழுதிவிட வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. ஜெயஸ்ரீ பையிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்து, பளபளவென்று ஒன்றை நீட்டினார். மூன்று அம்பு, நாலு வரி, ஒரு வட்டம். எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டிக்.

ஜென்சி பேனாவை வைத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி அழுத்தினாள். ஒரு புள்ளிகூட விழவில்லை.

"அதுல எழுத வராது மேடம்" என்றார் ஜெயஸ்ரீ, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பக்குவமாக. "வெள்ளத்துல எங்க வீட்டுல எல்லாப் பேப்பரும் போயிடுச்சு. அதுலேர்ந்து முக்கியமானது எது வந்தாலும் அவரு லேமினேஷன் போட்டுடுவாரு."

ஜென்சியின் கையிலிருந்து அதை வாங்கி, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். ஃபைலில் டீச்சர் ட்ரெயினிங் சர்டிபிகேட்டுக்கு முன்னால் அதைச் சொருகிவிட்டு, அடுத்த ஆள் காத்திருப்பாங்க என்று எழுந்துகொண்டார்.