மாதிரிக் குரலுக்கு இரண்டு மார்க்

இந்தக் கதையில் சில இடங்கள் எனக்கே தெளிவாக இல்லை. கடைசியாக வந்த பெண் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டால் விழிப்பேன். பெரிய சிஸ்டரும் விழிப்பார். அவர் விழித்ததுதான் கதையே.

ஆஸ்பத்திரி மேல்மாடி அறையில் அன்று வார்டு நர்ஸ் வேலைக்கு நேர்காணல். இருந்ததோ ஒரே இடம். மார்க் போட இரண்டு பேர்: நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர், ஆபரேஷன் செய்யும் டாக்டர். கேள்விகளை வாசித்து எல்லாவற்றையும் நடத்துபவர் நிர்வாக அதிகாரி. அவருக்கு டாக்டர் வைத்த பெயர் தராசு.

தராசு பிடிவாதக்காரர். எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். எப்படிப்பட்ட பதிலுக்கு எத்தனை மார்க் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு, ஆள் வெளியே போனதும் ஒருவரோடொருவர் பேசாமல் மார்க் போட வேண்டும். காலையில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். கட்டிலிலிருந்து விழுந்த நோயாளியை என்ன செய்வாய் என்ற கேள்விக்கு யாரோ ஒரு நர்ஸின் பதில். உடனே தூக்கமாட்டேன், நினைவும் மூச்சும் பார்ப்பேன், தலையிலோ கழுத்திலோ அடியா என்று பார்ப்பேன், துணைக்கு ஆள் கூப்பிடுவேன் என்றது குரல். டாக்டருக்குத் தெரிவிப்பதை மட்டும் விட்டுவிட்டது. இருவரும் ஐந்துக்கு நான்கு போட்டார்கள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இதே தரத்துல வேற ஒரு பதிவு போடுவேன். இதையே போட்டா ஞாபகத்துல நாலு போட்டுடுவீங்க. நம்ம கை வழுக்கி மார்க் ஏறியோ இறங்கியோ போயிருந்தா அப்ப தெரியும்."

சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் எழுந்து நின்றார். "ஐயா தராசு, ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கு ஆள் காத்திருக்கு. உங்க பதிவுக் கச்சேரிய சாயங்காலம் வச்சுக்கலாம். இடைவேளையும் வேணாம்."

தராசு சிஸ்டரைப் பார்த்தார்.

"முடிச்சுடுவோம் தம்பி. காலு கெஞ்சுது" என்றார் சிஸ்டர்.

மதியம் ஒரு கெட்டிக்காரி வந்தாள். பொரிந்து தள்ளினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாயம் போன மாதிரி தெரிந்தார்கள். கடைசியாக வந்தவள் தாழ்ந்த குரலில் பேசினாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தராசு கேட்டார்.

"நாளைக்குக் காலைல வெளியூர் வேலைக்குக் கிளம்பணும் சார். ரெண்டு வருஷ ஒப்பந்தம். இங்க கிடைச்சா எம்பொண்ண அக்காகிட்ட விட்டுட்டுப் போக வேணாம். அவ்வளவுதான்."

சிஸ்டர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு மார்க் போட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு தராசு அந்த இன்னொரு பதிவைப் போட்டார். டாக்டர் மூன்று எழுதினார். சிஸ்டர் இரண்டு.

"முன்னாடி நேர்காணல்கள்ல இதக் கேட்டவங்க எல்லாரும் போட்டது நாலு, சிஸ்டர்."

சிஸ்டர் தன் மார்க் தாளை இழுத்துக்கொண்டார்.

"அப்ப மதியம் வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு கூட்டிடலாமே?"

"நம்ம மார்க் எப்போலேர்ந்து இறங்குச்சுன்னு தெரியாதே. எல்லாருக்கும் ஒரே அளவா இறங்கியிருக்காது. நாளைக்குக் காலைல, பேர மறைச்சு, வரிசைய மாத்தி, ஒவ்வொரு கேள்வியா, குறிப்ப மட்டும் வச்சு மறுபடி போடுவோம்" என்றார் தராசு.

சிஸ்டர் தன் குறிப்புகளைப் புரட்டினார். காலையில் வந்தவர்களுக்குப் பக்கம் நிறைய எழுத்து. போகப்போக வரிகள் சுருங்கின. கடைசிப் பெண்ணுக்கு "சுமார்" என்ற ஒரு சொல். அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. டாக்டரின் தாளில் ஒரு கோடு. விழுந்தவரைத் தூக்குவதற்கு முன் அவள் என்ன பார்ப்பேன் என்றாள்? சிஸ்டர் கண்ணை மூடிப் பார்த்தார். கெட்டிக்காரியின் குரல்தான் கேட்டது.

"தம்பி, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கும் அதே களைப்புதான் சிஸ்டர். என் ஞாபகத்த நம்பி மார்க் போடக் கூடாது. குறிப்பு இல்லாதவங்களத் திரும்பக் கூப்பிடணும்."

சிஸ்டரே போன் செய்தார். "தப்பு எங்க மேலதாம்மா. நாளைக்கு ஒருதடவ வந்தீங்கன்னா முதல்லேர்ந்து கேப்போம்."

"நான் கிளம்பாம நின்னா அந்த வேலை போயிடும் சிஸ்டர். இங்க கிடைக்கும்னு சொல்ல முடியுமா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் அது இன்னொரு தவறு.

"முடியாதும்மா."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்தது. "இரு கண்ணு" என்றாள் அவள். பிறகு, "பரவாயில்ல சிஸ்டர், கூப்பிட்டுச் சொன்னீங்களே" என்று வைத்துவிட்டாள்.

அவள் மறுநாள் கிளம்பிப் போனாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது மகள் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா என்று கூப்பிட நாளானது. வேலை, மறுபடி வந்து பதில் சொன்ன ஒருத்திக்குக் கிடைத்தது, நன்றாகவே செய்கிறாள். கெட்டிக்காரி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டாக்டரை அதற்குப் பிறகு நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. தராசு இப்போது நேர்காணலை இரண்டு நாளாகப் பிரித்து, இடைவேளைக்கு அறையைப் பூட்டிவிடுகிறார். பெரிய சிஸ்டர் ஓய்வு பெறும்வரை மார்க் போட்டார். கடைசியாக வருபவரின் பதிலைத்தான் வார்த்தை விடாமல் எழுதினார்.