நீல யானையின் இடது காது

"இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அந்தத் திருட்டுக் கடையை இழுத்து மூடறேன். இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

எக்ஸ்ரேக்காரருக்கு மீசை கிடையாது. அது வேறு விஷயம். ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் படம் பிடித்த எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏணி போட்டுவிடலாம். மிச்சத்தில் ஒரு கைப்பிடிச் சுவரும் கட்டலாம். இப்போது மகள் தைக்கும் துணி யானைகளைப் படம் பிடிக்கிறார். கேமராவை அமுக்குவதற்கு முன்னால் யானையைப் பார்த்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க… விடலாம்" என்று சொல்லாமல் அவருக்குக் கை ஓடாது.

"மாமா, கடை நம்மளுதுதான் மூடப் போவுது. அதைப் பாருங்க முதல்ல" என்றார் மாப்பிள்ளை. மழை பெய்கிறது என்று மாமனார் சொன்னாலும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிற ரகம் அவர்.

மகள் தையல் மெஷின்மேல் கணினியை வைத்து விற்பனைத் தளத்திலிருந்து வந்த மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பஞ்சு மூட்டைகள், காது தைக்காத யானைகள். அவளுடைய படங்களைச் சுட்டு, பாதி விலை போட்டு எவனோ ஒருவன் அவள் கடை இருக்கும் அதே இணையத் தளத்தில் கடை விரித்திருந்தான். போனால் போகிறதென்று அதோடு விட்டானா? அவனே முந்திக்கொண்டு, இவள்தான் தன் படங்களைத் திருடிவிட்டாள் என்று விற்பனைத் தளத்தில் புகாரும் கொடுத்துவிட்டான். தளம் நீல யானையின் பக்கத்தை இறக்கிவிட்டது. நாளை மாலைக்குள் தக்க ஆதாரத்தோடு மறுப்பு போகாவிட்டால் புகார் நிலைத்துவிடும். ஒரு புகார் நிலைத்துப்போன கடைக்கு இன்னொன்று வந்தால் கணக்கையே மூடுவார்கள். அவள் வேலையை விட்டுவிட்டுத் தைத்துத் தைத்து வளர்த்த கடை.

"விவரத்தைக்கூட விடலைப்பா. 'எங்கள் அப்பா மேலே உட்கார்ந்து உறுதி பார்த்த யானை'ன்னு நான் எழுதினதை அப்படியே போட்டிருக்கான்."

"அடப்பாவி! நான் யார் வீட்டு யானைமேலடா உட்கார்ந்தேன்?" எக்ஸ்ரேக்காரர் நாற்காலியில் துள்ளிய துள்ளலில் அதன் சக்கரங்கள் நாலு அடி பின்னால் ஓடின.

மாப்பிள்ளை இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்தார். "மூலையில நம்ம கடைப் பேரு இருந்துச்சே?"

"அந்த ஓரத்தை நறுக்கிட்டான். படத்தையும் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டுட்டான். அதனாலதான் படத்தை வெச்சுத் தேடினப்போகூட முதல்ல அகப்படலை."

அவள் மறுப்புப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். தன் பக்கத்தின் முகவரி, அவன் பக்கத்தின் முகவரி, எது எப்போது ஏற்றப்பட்டது, இரண்டு பக்கங்களின் திரைப் பிடிப்புகள். 'படங்களை எடுத்தவர் யார்?' என்ற இடத்தில் 'நானே' என்று தட்டினாள்.

"நீயா எடுத்தே?" அப்பா எட்டிப் பார்த்தார். "நீ அன்னிக்கு வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினே."

"யார் எடுத்தா என்ன மாமா, ஒரே வீடுதானே?"

மகளின் விரல் நின்றது. கீழே இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தாள். "இல்லைங்க. படத்துக்கு உரிமை எடுத்தவருக்குத்தான். பொய்யா உறுதி கொடுத்தா அதுக்கே கடையை மூடலாம்னு போட்டிருக்கு." அழித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதினாள். அவர் சார்பில் தானே பேசலாம் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். எக்ஸ்ரேக்காரர், சமாதான உடன்படிக்கையில் போடுகிற மாதிரி தாளின் பாதியை அடைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது அசல் படங்கள். அவளுடைய போனில் இருந்தவை அரட்டைச் செயலி வழியாக வந்தவை. அளவு சுருங்கி, எடுத்த தேதியும் கேமரா விவரமும் உதிர்ந்துபோன நகல்கள்.

"கேமராவுல இருக்கும். கார்டை எடுங்க."

மாப்பிள்ளை கேமராப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"என்னங்க?"

"ஆபீஸ் விழாவுக்குக் கேமராவைக் கொண்டுபோனேன்ல… கார்டு ரொம்பி இருந்துச்சு. யானைதானேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

மகள் கையிலிருந்த யானைக் காதைக் கசக்கினாள். எக்ஸ்ரேக்காரர் காலால் தரையை உந்தினார். நாற்காலி கடகடவென்று உருண்டு அலமாரியில் போய் இடித்து நின்றது. அடித்தட்டிலிருந்து பழுப்பு நிற எக்ஸ்ரே உறைகளை மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டு உருண்டே திரும்பினார்.

ஒவ்வோர் உறைமேலும் அவர் கையெழுத்து. 'நோயாளி: நீல யானை. பகுதி: முழு உடம்பு.' தேதி. உள்ளே ஒரு பென்டிரைவ்.

"ஆஸ்பத்திரியில படத்தைத் தூக்கிப் போட்டா தோலை உரிச்சுடுவாங்க மாப்ளே. பழக்கம் போகலை."

மாப்பிள்ளை பென்டிரைவைச் சொருகினார். திறக்கவில்லை. மறுபடி சொருகினார். ஒன்றும் வரவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதே உறையில இன்னொண்ணு இருக்கும் பாருங்க. ஒரே பிரதியை நம்பி யாராவது இருப்பாங்களா?"

உறையை உதறினார்கள். இரண்டாவது விழுந்தது. அது திறந்தது. கேமராவிலிருந்து வந்த முழு அளவுப் படங்கள், தேதியோடு. கடையில் ஏற்றாத படங்களும் கூட: யானை சாய்ந்தது, குப்புற விழுந்தது, அப்பாவின் கை குறுக்கே வந்தது.

ஒவ்வொன்றிலும் யானையின் இடப்பக்கம், ஒட்டுத்துணி தைத்த காதுக்கு அருகில், ஈயத்தில் செய்த ஓர் ஆங்கில 'எல்' எழுத்து நின்றது.

"இது என்ன மாமா?"

"லெஃப்ட்டுக்கு எல். இடதுன்னு அடையாளம். இது இல்லாம நான் படமே எடுத்ததில்லை. பின்னால எவனாவது படத்தைத் திருப்பி வெச்சுப் பாத்து, நல்ல காலை அறுத்துட்டான்னா?"

"யானைக்கு எதுக்கு மாமா?"

"யானைக்குக் கால் இல்லையா?"

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். கடையில் ஏற்றும்போது அந்த எழுத்தை அவள் நறுக்கிவிடுவாள். ஆனால் ஆறாவது படத்தை அவசரத்தில் சரியாக நறுக்கவில்லை. வலது ஓரத்தில் பாதி எழுத்து மிஞ்சியிருந்தது. திருடனின் ஆறாவது படத்தைப் பெரிதாக்கினாள். இடது ஓரத்தில் அதே பாதி எழுத்து, பாதத்தைத் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டு, தலைகால் தெரியாமல் திரும்பி நின்றது.

"அப்பா!"

"சொன்னேன்ல?"

முழுப் படம், அவள் ஏற்றிய படம், அவன் திருப்பிய படம் மூன்றையும் வரிசையாக வைத்து, எழுத்தைச் சிவப்பு வட்டத்தால் காட்டி, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பினாள். அதோடு அவன் பக்கத்தின்மேல் தனியாக ஒரு புகாரும் கொடுத்தாள். அவன் கடையில் இருந்த மெழுகுவத்திப் படங்களும் மரப் பொம்மைப் படங்களும் யாரிடமிருந்து சுட்டவை என்று தேடி, உரியவர்களுக்குத் தகவல் எழுதினாள். அவரவர் படத்துக்கு அவரவர்தான் புகார் கொடுக்க முடியும்.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் எக்ஸ்ரேக்காரர் எல்லா யானைகளையும் புதிதாகப் படம் எடுத்தார். மாப்பிள்ளை, சொல்லாமலே, கடைப் பெயரை மூலையிலிருந்து யானையின் வயிற்றுக்கு மாற்றினார். வெட்டினால் யானையையே வெட்ட வேண்டும். ஆனால் துணி தெரிகிற அளவுக்கு மங்கலாக. முதல் படத்தில் எழுத்து கூடாதென்பது தளத்தின் விதி, அதனால் அதை மட்டும் வெறுமனே விட்டார். அசல்கள் மூன்று இடங்களில் ஏறின. ஒவ்வொரு முறை போன் சிணுங்கும்போதும் மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். துணி வாங்கச் சொல்லி வந்த விளம்பரங்களை மகள் சபித்துத் தள்ளினாள்.

ஒரு மத்தியானம் சோற்றுக் கையோடு மாப்பிள்ளைதான் மின்னஞ்சலைத் திறந்தார். புகார் தள்ளுபடி. நீல யானையின் பக்கம் திரும்ப வந்திருந்தது. மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அழுவாதே கண்ணு, சட்டையில குழம்பு. மாப்ளே, அவன் கடை?"

"அது எப்படி மாமா அவ்வளவு சீக்கிரம்…" என்று முனகிக்கொண்டே மாப்பிள்ளை அந்த முகவரியைத் தட்டினார். பக்கம் சுழன்றது. மறுபடி தட்டினார். மெழுகுவத்திக்காரம்மாவின் புகார், மரப் பொம்மைக்காரரின் புகார், இவர்களுடையது, எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டியிருந்தன. 'இந்தக் கடை இப்போது இயங்கவில்லை.'

"ஒத்தை ஈய எழுத்து மாப்ளே!"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், மாமனார் எழுந்திருக்காத அந்த உருளும் நாற்காலியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நீங்க சொன்னபடியே நடந்துதான் இருக்கு மாமா. ஒத்துக்கறேன்."