புளி போட்டுத் தேய்த்த பர்னர்

பதுளை கடைவீதியில் கிருஷ்ணராஜின் அடுப்புக் கடைக்குள் தயானி நுழைந்தபோது மணி பத்து. பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் ரொட்டிக்கடை போட்டிருக்கிறாள். காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களும் டவுனுக்குப் போகிறவர்களும் அவளிடம்தான் தேத்தண்ணி குடிப்பார்கள். இரண்டு கிழமையாகத் தண்ணி கொதிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. எதிர்க்கடையில் கூட்டம் சேர்கிறது. இந்த மாதம் இப்படியே போனால் திரும்பவும் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். அதற்கு அவள் தயாராக இல்லை.

பையைப் பிரித்து இரண்டு பர்னர்களை மேசைமேல் வைத்தாள். மேலே தங்க நிறம் திட்டுத்திட்டாக உரிந்து, உள்ளே சாம்பல் வெள்ளை தெரிந்தது.

"உங்ககிட்ட வாங்கி மூணு மாசம் ஆகல அண்ணே. நெருப்பு மஞ்சளா எரியுது. சட்டி பூரா கரி. ஒரு பக்கம் நெருப்பு ஓரத்தால பிச்சிக்கிட்டு வருது. கேரண்டி கார்டுல பித்தளைன்னு போட்டிருக்கு. பித்தளையக் குடுங்க."

கிருஷ்ணராஜ் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். "என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும். வேற என்னத்தப் போடுவாங்க?"

"அதான் பாருங்க." சாமான் வாங்க வந்து மேசைக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்கும்படி அவன் சிரித்தான். "நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு எதக் கண்டாலும் குத்துவிளக்குன்னு நெனப்பு. நானும் லயத்து வீட்டுல பொறந்தவன்தான் தங்கச்சி, அதனால சொல்றேன். புளி பட்டு சாமான் கெட்டுப்போச்சு. இதுக்குக் கேரண்டி செல்லாது."

தயானிக்கு முகம் சுட்டது. ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். மஞ்சளாக இருந்தால் பித்தளை, பித்தளையென்றால் புளி. ஒரு நொடி தன் கைதான் குற்றம் செய்துவிட்டதோ என்றுகூடப் பட்டது. பிறகு கோயில் மணியை நினைத்தாள். வருசா வருசம் புளி போட்டுத் தேய்த்தும் அது வெளுக்கவில்லையே.

"பித்தளைன்னா புளி பட்டா பளிச்சுன்னு ஆகும். வெளுக்குமா?"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து பர்னரில் வைத்தான். ஒட்டாமல் நழுவியது. "பாத்தீங்களா? இரும்பில்ல. பித்தளை."

அவள் காந்தத்தைப் பிடுங்கினாள். அலமாரியில் விற்பனைக்கிருந்த அலுமினியக் கேத்தலில் வைத்தாள். அதிலும் நழுவியது.

"இதுவும் பித்தளையா அண்ணே?"

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடையின் மூலையில் அடுப்பு பழுது பார்க்கிற பஸீல் நானா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தயானி அவரிடமே போனாள். "நானா, உங்க அரத்தக் குடுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு அரத்தை நீட்டினார். அவள் பர்னரின் அடிப்பக்கத்தில் நாலு இழு இழுத்தாள். வெள்ளிப் பொடி கொட்டியது.

"இத ரிப்பேர் பண்ணலாமா நானா?"

"ஏலாது," என்றார் பஸீல் மெதுவாக. "அலுமினியம் சூட்டுல வளைஞ்சிரும். வளைஞ்சா மூடி பொருந்தாது, ஓரத்தால நெருப்பு வரும். ஓட்டையும் அரிச்சுப் பெருசாயிட்டு. இனி தூக்கி வீசத்தான் வேணும். வீட்டுல ரெண்டு பேருக்குச் சோறாக்க இதுவும் போதும். நாள் முழுக்கப் பெரிய சட்டி வைக்கிறவங்களுக்கு நிக்காது. பித்தளைன்னா கறுத்தாலும் ஊற வச்சு, ஊசியால ஓட்டையக் குத்திவிட்டா, இன்னும் பல வருசம் எரியும்."

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றான் கிருஷ்ணராஜ்.

"நான் கேட்டேன்," என்றாள் தயானி.

அவன் குரலைத் தணித்தான். "சரி விடுங்க. இதே மாதிரி புதுசு ரெண்டு தாரேன். யாருக்கும் சொல்லாதீங்க."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா உங்க கடைக்கு வரவா?"

கேத்தலைப் பக்கத்தில் வைத்து, காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசல் படியில் உட்கார்ந்தாள். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் பர்னரிலும் கேத்தலிலும் காந்தம் வைத்து, அரம் பட்ட வெள்ளையையும் காட்டினாள். வெலிமடையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாதியில் திரும்பிப் போனது. கிருஷ்ணராஜ் உள்ளே கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. பொலிஸைக் கூப்பிடுவேன் என்றான். "கூப்பிடுங்க, அவங்களுக்கும் காட்டுறேன்," என்றாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு பழைய பெட்டி வந்தது. பஸீல் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு பர்னர்களும் கனத்தில் கையை இழுத்தன. அரத்தால் இழுத்தாள், உள்ளும் மஞ்சள்தான். அவள் அடுப்பின் அளவு சரிதானா என்று பஸீல் பழைய மூடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கடை அடுப்பில் பொருத்திப் பற்றவைத்தார். ஓட்டைக்கு ஓட்டை நீலமாய், ஒரே உயரத்தில், சத்தமில்லாமல் நின்றது நெருப்பு.

பையில் போட்டுக்கொண்டவள் போகவில்லை. தங்க நிற அடுப்புகளுக்கு மேலே பெரிதாகத் தொங்கிய 'பித்தளை பர்னர்' அட்டையைக் காட்டினாள்.

"அதயும் மாத்துங்க."

கிருஷ்ணராஜ் அவளை முறைத்தான். வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். மார்க்கர் எடுத்து, பித்தளைக்கும் பர்னருக்கும் நடுவில் 'நிறப்' என்று பொடி எழுத்தில் இடுக்கினான்.

தயானி கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது எனக்கே தெரியல. பெருசா எழுதுங்க அண்ணே," என்றாள். "நான் நிக்கிறேன்."