ஆறு மணிக்கு முழு வெளிச்சம்

சாமந்தி பூக்காவிட்டால் என் புருஷன் தோஹாவுக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். எங்கள் வீட்டு நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பழைய கம்பெனிக்காரன் விசா அனுப்பிவிட்டான். பெருநாள் முடிந்த வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தான். இவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது ரத்தாகும். அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியம் மாடியறையில் இருந்த தொட்டிச் செடிகளிடம்தான் இருந்தது.

அவர் பெயர் அமீருதீன். தோஹாவில் ஒரு பெரிய ஓட்டலில் லைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். மகள் இஃப்ரா பிறந்தபோது அங்கேதான் இருந்தார். அவள் முதலில் வாப்பா என்று கூப்பிட்டது ஒரு போனை. இவர் ஊருக்கு வந்து எதிரே நின்றபோது அந்தப் பிள்ளை என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி போகக் கூடாது என்று. அவரும் போக விரும்பவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறைச் சாமந்தி.

குரோம்பேட்டையில் தொட்டிப் பூச்செடி சப்ளை செய்கிறவர் சூர்யநாராயணன் சார். ஆபீஸ், ஓட்டல் என்று வாராவாரம் அனுப்புகிறவர். "ஒரு தடவை வளத்துக் காட்டுங்க பாய். மார்ச் நடுவுல வருவேன். எல்லாத் தொட்டியிலும் பட்டாணி அளவு மொட்டு இருந்தா, வருஷம் பூரா உங்ககிட்டதான் வாங்குவேன்" என்று வாக்குக் கொடுத்தார். மொட்டு வந்தால் என் புருஷன் இங்கே, வராவிட்டால் அங்கே. அவ்வளவுதான் கணக்கு.

சாமந்தி ஒரு பிடிவாதக்காரச் செடி. அது பகலைப் பார்த்துப் பூப்பதில்லை, இரவைப் பார்த்துப் பூக்கும். பன்னிரண்டு மணி நேரமாவது ஒரே மூச்சாக இருட்டு கிடைத்தால்தான் மொட்டு விடும். இரவு குறைந்தால் இன்னும் காலம் வரவில்லை என்று நினைத்து இலையை மட்டும் வளர்த்துக்கொண்டே போகும். அதனால்தான் ஜன்னலெல்லாம் கறுப்பு ஷீட் ஒட்டி, ஏசி போட்டு, மேலே எல்.ஈ.டி. பட்டைகளைத் தொங்கவிட்டோம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல், மீதி இரவு.

அதற்கான கன்ட்ரோலரை இவரே செய்தார். டிபன் டப்பா அளவு பெட்டி, நாலு பட்டன், சின்னத் திரை. கரண்ட் போனாலும் நேரம் மறக்காதிருக்க உள்ளே தனியாக ஒரு கடிகாரம், அதற்கு வட்டமான பட்டன் பேட்டரி. கரண்ட் வந்ததும் பெட்டி அந்தக் கடிகாரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்கு எவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டுமோ அவ்வளவு கொடுக்கும். லைட்டும் பட்டென்று எரியாது. மெல்ல மெல்ல ஏறும், மெல்ல மெல்ல இறங்கும். அதைப் பார்க்கிறபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நட்ட செடிகளுக்கு ஜனவரி நடுவில் இந்தப் பன்னிரண்டு மணி நேர இரவு ஆரம்பித்தது. மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு தெரிய வேண்டும். நோன்பு பிறந்தும் தெரியவில்லை. இலை மட்டும் கொழுகொழுவென்று கறுத்துக் கிடந்தது. மேலே ஏறி வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "மாஷா அல்லாஹ், என்ன செழிப்பு" என்றார்கள். செழிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நாற்று வாங்கிய ஓசூர் நர்சரிக்கு போன் போட்டேன். "ராத்திரியில எங்கயோ வெளிச்சம் படுதும்மா. சின்ன வெளிச்சம்கூட ஆகாது" என்றார்கள். அன்றிலிருந்து நான் பைத்தியக்காரி மாதிரி ஆனேன். ஏசியில் எரியும் பச்சைப் புள்ளிக்குக் கறுப்பு டேப் ஒட்டினேன். கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகினேன். சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தேன். இஃப்ரா மாலையில் அந்தப் பக்கம் போனால் கத்தினேன். பாவம், பிள்ளை மாடிப்படியையே பார்த்துப் பயப்பட ஆரம்பித்தது.

இவ்வளவு செய்தும் ஒன்றும் இல்லை என்றதும் பழியைக் கடிகாரத்தின் மேல் போட்டேன். எங்கள் தெருவில் அந்த மாதம் மின்வாரிய வேலை என்று அடிக்கடி கரண்ட் போனது.

"உங்க கடிகாரம்தான் கோளாறு. கரண்ட் போயி வரும்போதெல்லாம் நேரத்த மறந்துடுது. ராத்திரியில லைட்டப் போட்டு விடுது."

"இல்ல ஜஹீரா, நான் செக் பண்ணிட்டேன்."

"இன்னா செக் பண்ணினீங்க? பேட்டரிய மாத்துங்க!"

மாற்றினார். என் எதிரிலேயே மெயின் ஸ்விட்சை அணைத்து, நோன்புக் கஞ்சி காய்ச்சி முடிக்கும்வரை விட்டுவிட்டுப் போட்டுக் காட்டினார். பெட்டியும் என் போனும் ஒரே நேரத்தைக் காட்டின. எனக்குக் கோபம் இன்னும் கூடியது. கடிகாரம் தப்பாக இருந்திருந்தால் திட்டவாவது ஒன்று இருந்திருக்கும்.

அன்றைக்குத் தொழுகை விரிப்பில் அழுதேன். யா அல்லாஹ், செடியைப் பூக்க வை, இல்லாவிட்டால் அந்த விமானத்தையாவது நிறுத்து என்று கேட்டேன். கேட்கக் கூடாத மாதிரிதான் கேட்டேன்.

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்தது. பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு சொன்னதும் தட்டுகளை எடுத்து வைத்தேன். மனசு கேட்கவில்லை, மாடிக்கு ஏறினேன். புடவையை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தால் அறைக்குள் மங்கலாக வெளிச்சம். வெளியே வானம் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. உள்ளே தொட்டியில் ஒட்டியிருந்த லேபிளை என்னால் படிக்க முடிந்தது.

"என்னங்க! மேல வாங்க! மாட்டிக்கிச்சு உங்க கடிகாரம்! ஆறு மணி ஆகல, லைட்டு எரியுது பாருங்க!"

ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். ஐந்தே கால். போனைப் பார்த்தார். ஐந்தே கால்.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு. இது லைட்டு இல்ல ஜஹீரா, ராம்ப். அஞ்சு மணிக்கு ஏற ஆரம்பிக்கும், ஆறு மணிக்கு முழு வெளிச்சம். பகல் ஆறு மணிக்குதான் ஆரம்பம்."

"அப்ப சாயங்காலம்?"

"ஆறு மணிக்கு இறங்க ஆரம்பிக்கும். ஏழுக்கு அணைஞ்சிடும். ஓட்டல்ல அப்படித்தான் செய்வோம். லாபி ஆறு மணிக்கு முழுசா எரியணும்னா அஞ்சு மணிக்கே ஏத்த ஆரம்பிக்கணும். ஏத்துறதையும் இறக்குறதையும் யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க."

நான் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"குடிங்க."

"என்ன பேசுற? பாங்கு சொல்லியாச்சு."

"சூரியன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. இது பகல் இல்லியே. ராம்ப்தானே? குடிங்க!"

அவர் பாட்டிலைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். எங்களுக்கு நோன்பு சூரியனோடு ஆரம்பிப்பதில்லை. கிழக்கே முதல் வெளுப்புக் கண்டதும் வாய் மூட வேண்டும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். செடிக்கும் முதல் வெளிச்சத்திலேயே பகல் பிறந்துவிடுகிறது, கடைசி மினுக்கம் அணையும்வரை அது முடிவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் என்று நினைத்துப் பதினான்கு மணி நேரப் பகல் கொடுத்திருக்கிறோம். ஏசியின் பச்சைப் புள்ளிக்கு டேப் ஒட்டிவிட்டு, தலைக்கு மேலே லைட்டை எரியவிட்டிருக்கிறோம்!

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்... என் கையாலயே" என்றார். எனக்குத் திட்ட வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது?

அன்றைக்கே பெட்டியின் புரோகிராமை மாற்றி எழுதினார். ஆறு மணி என்றால் முதல் வெளிச்சம், மாலை ஆறு என்றால் முழு இருட்டு. ஏற்றமும் இறக்கமும் அதற்குள்ளேதான். செய்தது சரிதான். ஆனால் செடிக்கு அன்றுதான் முதல் நல்ல இரவு. மொட்டுக்கு அங்கிருந்து மூன்று, நான்கு வாரம் வேண்டும். சூர்யநாராயணன் சார் அதற்கு முன்னால் வந்துவிட்டார்.

ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். நுனிகளை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"சார், தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. சரி பண்ணியாச்சு. இன்னும் கொஞ்ச நாள் குடுங்க சார், உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்" என்றேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

"அம்மா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று அவர் பின்னால் நகர்ந்தார். "எனக்கும் கஸ்டமர் இருக்காங்க. வாராவாரம் குடுக்கணும். வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். பூத்தா சொல்லுங்க, இந்த ஒரு தடவை எடுத்துக்கறேன்."

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

பெருநாளுக்கு இஃப்ரா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வாப்பா தோளை விட்டு இறங்கவே இல்லை. அந்த வாரமே மீனம்பாக்கத்தில் அவளை என் இடுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. எழுப்பியிருக்கலாம். எழுப்ப மனம் வரவில்லை.

அவர் போன சில நாளில் மொட்டு வந்தது. ஒரு நுனியில் மிளகு மாதிரி, மறுநாள் எல்லா நுனியிலும். பார்த்ததும் நான் சந்தோஷப்படவில்லை, செடியை ஓர் அறை அறையலாம் போல இருந்தது. இப்போது வந்து என்ன செய்ய?

அவருக்குச் சொன்னேன். "காட்டு" என்றார்.

காட்ட முடியவில்லை. அங்கே அவருக்கு விடியும் முன்பே டியூட்டி, டியூட்டியில் போன் எடுக்கக் கூடாது. அறைக்கு வந்து சேரும்போது இங்கே இரவு எட்டு மணி. அப்போது செடிக்கு நடு இருட்டு. கதவைத் திறக்கப் போனவளை, "வேணாம், வேணாம், லைட்டு படக் கூடாது, மூடு" என்று கத்தித் தடுத்தார். போட்டோ அனுப்பினேன். பார்த்தேன் என்றார். ஆனால் தினமும் பேச்சை முடிக்கிறபோது, "எவ்வளவு பெருசு ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு லைட் அணைந்ததும் நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஆரம்பம் என்று இருந்த இடத்தில் ஆறை எடுத்துவிட்டுக் காலைப் பத்து வைத்தேன். முடிவை மறுநாள் லைட் எரிந்த பிறகுதான் இரவு பத்துக்கு மாற்ற வேண்டும், இப்போதே மாற்றினால் உடனே எரிந்துவிடும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம், அதே கணக்கு. அந்த ஒரு இரவு மட்டும் நீண்டு போகும், பரவாயில்லை. இரவு நீண்டால் சாமந்திக்குச் சந்தோஷம்தான், குறைந்தால்தான் அதற்குக் கோபம். அந்த அறைக்குள் சூரியனா வேலை பார்க்கிறது? இவர் கட்டிய லைட்தானே!

மறுநாள் இரவு எட்டு மணிக்கு இஃப்ராவைத் தூக்கிக்கொண்டு மேலே போய் வீடியோ போட்டேன். முழு வெளிச்சத்தில் தொட்டிகள் நின்றன. சிலது மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது.

அவர் முகம் வெளுத்துப் போனது. "ஜஹீரா, மணி எட்டு! லைட்டு எரியுது! கரண்ட் போச்சா? பேட்டரிய பாரு!"

"ஒண்ணும் ஆகல. கடிகாரம் சரியா இருக்கு. நான்தான் செடிக்குப் பகல மாத்தி வெச்சேன். உங்க டியூட்டி முடியுற நேரத்துக்கு."

போன் அவர் கையிலிருந்து கட்டிலில் விழுந்தது. கொஞ்ச நேரம் எங்களுக்கு அவர் அறையின் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. "வாப்பா எங்க?" என்றாள் இஃப்ரா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார். "ராம்ப்ப உள்ளதானே வெச்ச?" என்றார்.

"உள்ளதாங்க. பத்து மணிக்கு முழு இருட்டு. அதுவரைக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, போனைத் தொட்டிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்தேன்.